முதியோர் எழுத்தறிவு வகுப்பு நடத்தி அறிக்கை எழுதுவது எப்படி: பி.எட். மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் கல்லூரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் குழு முதியோர் எழுத்தறிவு வகுப்பு நடத்தி முடித்து, அதன் அறிக்கையையும் ஒப்படைத்துவிட்டது. அடுத்த ஆண்டு இதே வேலையை ஏற்கும் மாணவ ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறோம். எப்படிப் பதிவு செய்வது, யாரிடம் அனுமதி பெறுவது என்பதையெல்லாம் உங்கள் பேராசிரியரே சொல்லிவிடுவார். வகுப்பின் உள்ளே நடப்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறோம்.

ஒன்றை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்த வகுப்பை நாம் சேவைவழிக் கற்றலாகத்தான் நடத்துகிறோம், அதுவும் குடிமைப் பயிற்சி முகாமும் ஒன்றல்ல. முகாமில் கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். இங்கே ஊருக்குக் கிடைப்பது என்ன, அதைச் செய்ததில் ஆசிரியராக நாம் கற்றது என்ன என்று இரண்டுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். மொழிப்பாடத்தில் படித்த ஒலியியலும் உளவியல் தாளில் படித்த நினைவாற்றலும் வகுப்பு நடக்கும் திண்ணையில் எங்கே உதவின, எங்கே கைவிட்டன என்பதே அறிக்கையின் உயிர்.

ஆள் சேர்ப்பு, இடம், நேரம்

வீடு வீடாகப் போய் "உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டால் பாதிப் பேர் தெரியும் என்று சொல்லிவிடுவார்கள். மருமகள் பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? "குழுவில் பணம் எடுக்கும்போது கையெழுத்தா, கைநாட்டா பெரியம்மா?" என்று கேளுங்கள். பதில் தயங்காமல் வரும். மகளிர் சுய உதவிக் குழுவின் தலைவி மூலமாகப் போனால் இந்தக் கேள்வியும் தேவைப்படாது. யார் யார் கைநாட்டு என்பது அவருக்குத் தெரியும்.

கையெழுத்துப் போடுகிறவரெல்லாம் எழுத்தறிவு பெற்றவர் அல்லர். ஏழு வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருந்தால்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவரை எழுத்தறிவு பெற்றவராகக் கொள்கிறது. பெயரை மட்டும் வரையத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களும் உங்கள் வகுப்புக்கு உரியவர்கள்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பல வகுப்புகள் தொடங்கும் முன்பே தோற்கின்றன. கோயில் மண்டபம் வசதியாக, காற்றோட்டமாக இருக்கும். ஆனால் அங்கே யார் ஏறி உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதை ஊர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கும். வெளியூர் மாணவர்களிடம் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரு தெருவிலிருந்து மட்டும் ஒருவரும் வராதபோதுதான் விஷயம் புலப்படும். அங்கன்வாடி மையம், நூலகக் கட்டடம், இரு தெருக்காரர்களும் வழக்கமாக வந்துபோகும் பொது இடம் ஆகியவற்றைப் பாருங்கள். அப்படி ஓர் இடம் இல்லையென்றால், எந்தத் தெருவில் கைநாட்டு அதிகமோ அங்கேயே வகுப்பை வையுங்கள். எந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதை அறிக்கையில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

நேரத்தை அவர்களே சொல்லட்டும். எங்கள் ஊரில் நூறு நாள் வேலை முடிந்து, தண்ணீர் பிடித்து, இரவுச் சமையல் தொடங்குவதற்கு முன்பான ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. நடவும் அறுப்பும் வந்தால் அந்த ஒரு மணி நேரமும் போய்விடும்.

முதல் சந்திப்பில் தேர்வுத்தாள் வேண்டாம்

தொடக்க நிலை மதிப்பீட்டை ஆளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கித் தனித்தனியாகச் செய்யுங்கள். குடும்ப அட்டை, மாத்திரை அட்டை, பஸ்ஸின் ஊர்ப் பலகையைப் பிடித்த படம், கைப்பேசி ஆகிய நான்கே பொருட்கள் போதும். "இதில் உங்களுக்குத் தெரிந்தது எது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஒன்றும் தெரியாதவர், சில எழுத்துகளை மட்டும் அடையாளம் காண்பவர், சொற்களைக் கூட்டிப் படிப்பவர் என்று மூன்று வகையினர் தென்படுவார்கள். மூன்றாம் வகையினர் பெரும்பாலும் சிறுவயதில் இரண்டு மூன்று ஆண்டுகள் பள்ளிக்குப் போய் நின்றவர்கள். முதல் வகையினரோடு அவர்களை ஒன்றாக உட்கார வைத்தால் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்கள், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். எங்களிடம் 14 பேர் வந்தார்கள். அவர்களை இரண்டு வட்டமாகப் பிரித்து, வட்டத்துக்கு இரண்டு மாணவ ஆசிரியர்கள் என்று வைத்துக்கொண்டோம்.

இதே சந்திப்பில் கண்ணையும் கவனியுங்கள். நாற்பதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும். படிக்காதவருக்கு அது வந்ததே தெரிந்திருக்காது, ஏனென்றால் கிட்டத்தில் வைத்து உற்றுப் பார்க்கும் வேலை அவருக்கு அரிது. "ஊசியில் நூல் கோக்க முடிகிறதா அக்கா?" என்று கேளுங்கள். "பேத்திதான் கோத்துக் கொடுக்கிறாள்" என்று பதில் வந்தால் அவருக்கு முதலில் தேவை கண்ணாடி. புத்தகத்தைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடிப்பதும், கரும்பலகையில் படித்த அதே சொல்லைப் புத்தகத்தில் காட்டினால் விழிப்பதும் இதன் அடையாளங்கள். அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அவர்களை அழைத்துப்போக ஒரு நாளை ஒதுக்குங்கள். "மண்டையில் ஏறவில்லை" என்று தன்னைத் தானே திட்டிக்கொள்பவர்களில் சிலருக்கு மண்டையில் எந்தக் குறையும் இல்லை.

முதல் பாடம்: அ, ஆ வேண்டாம்

தமிழில் 247 எழுத்துகள் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஐம்பது வயதுப் பெண்ணிடம் அதைச் சொல்வது மிரட்டுவதற்குச் சமம். பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் வரிசையாக முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவது என்றால், ஒரு சொல்லைக்கூடப் படிக்காமலே அவருக்கு இரண்டு வாரம் ஓடிவிடும். மூன்றாவது வாரம் அவர் வர மாட்டார். பிரேசில் நாட்டு அங்கிகோஸ் ஊரில் 1963-இல் பாவ்லோ ஃபிரெய்ரே உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவித்தபோது, அவர்கள் வாழ்வில் புழங்கும் சொல்லை எடுத்து, அதை அசை அசையாகப் பிரித்து, அந்த அசைகளிலிருந்து புதுச் சொற்களைக் கட்டச் செய்தார். அசைக்கு ஓர் எழுத்து என்று அமைந்த தமிழ் உயிர்மெய்க்கு இந்த முறை இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

எந்தச் சொல்லில் தொடங்குவது? இங்கேதான் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் குறுக்கிடுகிறது. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. குடத்தின் படத்தைக் காட்டி 'குடம்' என்று எழுதினால், "கொடம்" என்று படிப்பார்கள். இலை என்றால் "எல". பால் என்றால் "பாலு". பிடி என்றால் "புடி". எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை அவர்கள் அப்போதுதான் பிடிக்கப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் "நீங்கள் சொல்வது தப்பு" என்று திருத்தினால் அந்த உறவே குழம்பிப்போகும். ஆகவே முதல் சில வாரங்களுக்குப் பேச்சும் எழுத்தும் ஒத்துப்போகிற சொற்களாகத் தேடி எடுக்க வேண்டும்.

நாங்கள் 'பட்டா' என்ற சொல்லில் தொடங்கினோம். எல்லோருக்கும் தெரிந்த சொல், எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும் சொல். முதலில் எழுதவே இல்லை. யாருக்குப் பட்டா இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று பேசவிட்டோம். பேச்சு சூடுபிடித்த பிறகு, உள்ளங்கை அகல எழுத்தில் 'பட்டா' என்ற அட்டையை வைத்தோம். விரலால் தொட்டு முழுச் சொல்லாகச் சில தடவை படித்தார்கள். பிறகு கத்தரிக்கோலால் அட்டையை அவர்கள் கண்முன்னே ப, ட், டா என்று மூன்று துண்டாக வெட்டினோம். கலைத்துப் போட்டு, மீண்டும் சேர்க்கச் சொன்னோம்.

அதன் பிறகு இந்தக் கட்டத்தை எழுதினோம்:

ப – பா – பி – ப்
ட – டா – டி – ட்

துணைக்கால் வந்தால் ஒலி நீள்கிறது, மேலே சுழித்தால் 'இ' சேர்கிறது, புள்ளி வைத்தால் ஒலி நிற்கிறது. இந்த மூன்றையும் விளக்கமாகச் சொல்லத் தேவையில்லை. மேல் வரியைப் படித்துக் காட்டினால் கீழ் வரியை அவர்களே ஊகித்துவிடுவார்கள். இந்த எட்டுத் துண்டுகளிலிருந்து படி, பாட்டி, டப்பா, பாப்பா, பட்டி, பாடி என்று எத்தனை சொற்கள் வருகின்றன பாருங்கள். அத்தனையும் பேச்சிலும் எழுத்திலும் ஒன்றே. (பிடியும் வரும், ஆனால் அது "புடி" ஆகிவிடும் என்பதால் அதைத் தொடவில்லை.) முதல் மாலையே 'பாட்டி, பட்டா படி' என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டுப் போனார்கள். அதைப் படித்த ஒரு பெரியம்மா, "இந்த வயதில் படித்து நான் என்ன கலெக்டராகவா போகிறேன் என்று நினைத்தேன் கண்ணு, பட்டா படிக்கப் போகிறேன் போலிருக்கிறது" என்றார்.

இரண்டாவது பாடத்தில் ம, க ஆகிய இரண்டையும் சேர்த்தோம். மாமா, மாமி, காக்கா, கட்டம் வந்துவிடும். 'டு', 'கு' என்ற இரு வடிவங்களையும் காட்டினால் மாடு, காடு, பாக்கு, கட்டு ஆகியவையும் வரும். உகரத்துக்குத் தமிழில் ஒரே குறி கிடையாது. கு, டு, து, பு நான்கும் நான்கு விதமாக இருக்கும். இவற்றை விதியாகச் சொல்லாமல் சொல்லோடு சொல்லாகவே அறிமுகம் செய்யுங்கள். ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் வெகு பின்னால் வைத்துக்கொள்ளலாம். ஒலிக்கும்போது பின்னால் வருவது எழுதும்போது முன்னால் வருகிறது என்பது புதிதாகப் படிப்பவருக்குப் பெரிய குழப்பம். ல, ள, ழ வேறுபாட்டையும் ர, ற வேறுபாட்டையும் வைத்து இந்தத் திட்டக்காலத்துக்குள் யாரையும் திருத்த வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பட்டம் பெற்றவர்களே தடுமாறும் இடம் அது.

ஆனால் ஒன்றைக் கறாராகக் கவனியுங்கள், அது உங்கள் சொந்தக் கையெழுத்து. துணைக்காலையும் ர-வையும் நம்மில் பலர் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். 'பாரம்' என்று நீங்கள் கரும்பலகையில் எழுதினால் புதியவருக்கு ப-வுக்குப் பின்னால் ஒரே மாதிரி இரண்டு கால்கள்தான் தெரியும். ர-வின் கீழ்க்கோட்டைச் சாய்த்து இழுத்து எழுதுங்கள்.

படிக்கிறாரா, நினைவில் வைத்துச் சொல்கிறாரா?

பெரியவர்களுக்கு நினைவாற்றல் அதிகம். கணக்கு, கடன், உறவு எல்லாவற்றையும் எழுதாமலே தலையில் வைத்திருந்து பழகியவர்கள். பாடப்பக்கத்தை இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது தடவை விரலை வைத்து ஒப்பித்துவிடுவார்கள். நாம் மகிழ்ந்து 'படிக்கிறார்' என்று குறித்துக்கொள்வோம்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கற்றுக்கொடுத்த எழுத்துகளாலேயே ஆன, ஆனால் வகுப்பில் ஒரு தடவைகூட வராத சொல் ஒன்றை அட்டையில் எழுதிக் காட்டுங்கள். முதல் பாடத்தில் 'பாடி', 'பட்டி' இரண்டையும் நாங்கள் இதற்காகவே ஒதுக்கி வைத்திருந்தோம். 'பட்டி' அட்டையைப் பார்த்து "பட்டா" என்று சொல்பவர் முதல் எழுத்தை வைத்து ஊகிக்கிறார். "ப… ட்… டி… பட்டி!" என்று தடவித் தடவி வருபவர்தான் படிக்கத் தொடங்கியவர். வேகமாகச் சொன்னவரைவிடத் திக்கிச் சொன்னவரே முன்னேறியிருக்கிறார் என்பது பார்வையாளராக வரும் பேராசிரியருக்கு முதலில் புரியாது. அட்டையைக் காட்டி விளக்குங்கள்.

எழுத வைப்பதும் கையெழுத்தும்

அரிவாளும் மண்வெட்டியும் பிடித்த கை பென்சிலை அழுத்திப் பிடிக்கும், முனை உடைந்துகொண்டே இருக்கும். முதல் வாரம் சிலேட்டும் பலப்பமும் நல்லது. தவறாக எழுதியதைத் துடைத்துவிடலாம் என்பதே ஒரு தைரியம். நோட்டுக்கு வந்த பிறகு அகலக் கோடு போட்டதாகக் கொடுங்கள். குழந்தைகளுக்கான நான்கு கோடு நோட்டைக் கொடுத்து யாரையும் சிறுமைப்படுத்த வேண்டாம்.

எல்லோரும் முதல் நாளே கேட்பது கையெழுத்துத்தான். அதை உடனே கற்றுக்கொடுத்தால், கற்றதும் வகுப்பை விட்டு நின்றுவிடுவார்கள் என்று தள்ளிப்போடச் சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவர் எதற்காக வந்தாரோ அதைப் பணயமாக வைத்து அவரை உட்கார வைக்கக் கூடாது. முதல் வாரத்திலேயே பெயரைத் தனி அட்டையில் எழுதிக் கொடுங்கள். அதையும் பட்டாவைப் போலவே வெட்டிச் சேர்க்கப் பழக்குங்கள். அப்போது அது வெறும் வரைபடமாக நின்றுவிடாது.

கூடவே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கைநாட்டு வைத்துத் தொடங்கிய வங்கிக் கணக்கில் திடீரென்று கையெழுத்துப் போட்டால் பணம் வராது. மாதிரிக் கையெழுத்தை மாற்றித் தரும்படி வங்கியில் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால், முன்னெழுத்தோடு எழுதுவதா, இல்லாமலா, பெயரை 'அம்மாள்' என்று முடிப்பதா, 'அம்மா' என்றா என்பதை முடிவு செய்து, ஒரே வடிவத்தில் கை பழகியிருக்க வேண்டும். நான்கு இடத்தில் நான்கு விதமாகப் போட்டு வந்தால் கைநாட்டே மேல் என்று ஆகிவிடும்.

எண்களில் உங்களுக்கு வேலை குறைவு. மனக்கணக்கில் அவர்கள் நம்மைத் தோற்கடிப்பார்கள். 0 முதல் 9 வரை கைப்பேசியின் எண்பலகையிலேயே பாதி தெரிந்திருக்கும். சிக்கல் இடமதிப்பில் வரும். 'நூற்று ஐந்து' எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுவார்கள், காதில் விழுந்தபடி முதலில் நூறு, பிறகு ஐந்து. ரூபாய்த் தாளையும் நாணயத்தையும் நூறு, பத்து, ஒன்று என்று மூன்று குவியலாக வைத்து, நடுக்குவியலில் ஒன்றும் இல்லாத இடத்துக்குத்தான் சுழியம் என்று காட்டினால் தெளிந்துவிடும்.

வருகை குறையும்போது

குறையும். ஆடி மாதக் கூழ் ஊற்றல், அறுப்பு, மகளின் பிரசவம் என்று எல்லாம் வரும். இரண்டு நாள் வராதவர் மூன்றாம் நாள் வந்து, தனக்குத் தெரியாத பாடம் ஓடுவதைப் பார்த்தால் நான்காம் நாள் வர மாட்டார். ஆகவே ஒவ்வொரு நாளும் முதல் பத்து நிமிடம் பழைய அட்டைகளைத் தரையில் பரப்பி எடுத்துப் படிக்கும் பயிற்சி இருக்கட்டும். நேற்று வராதவரும் அதில் ஏதாவது ஒன்றைப் படித்துவிடுவார்.

ஒருவர் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்குப் போய் வாருங்கள், ஆனால் "ஏன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள். அந்த வீட்டிலேயே ஐந்து நிமிடம் இரண்டு அட்டைகளைப் படித்துவிட்டு வந்தால் போதும்.

நாட்குறிப்பு: அறிக்கையின் மூலப்பொருள்

அறிக்கையைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுத முடியாது. அன்றன்று எழுதிய நாட்குறிப்பிலிருந்துதான் அது பிறக்க வேண்டும். பெரும்பாலான நாட்குறிப்புகள் இப்படி இருக்கும்: 'இன்று வகுப்பு சிறப்பாக நடைபெற்றது. கற்போர் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்.' இதை எந்த நாளுக்கும் எழுதலாம் என்பதே இதன் குறை.

எங்கள் குழுத் தோழி ஒருவர் எழுதியதைப் பாருங்கள்: 'தலை என்ற அட்டையை ஐந்து பேர் "தல" என்று படித்தார்கள். எழுதச் சொன்னபோது நால்வர் "தல" என்றே எழுதினார்கள். சொல்லின் கடைசியில் வரும் ஐகாரம் பேச்சில் அகரமாகிவிடுகிறது. கை, பை, தை போன்ற ஓரெழுத்துச் சொற்களில் அப்படி ஆவதில்லை. நாளை இவற்றில் ஐகாரக் குறியை நிலைநிறுத்திவிட்டு, அதன் பிறகு தலைக்குப் போகலாம்.' கண்டது, அதன் காரணம், நாளை செய்ய வேண்டியது ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன. மறுநாள் குறிப்பில், செய்ததால் என்ன ஆயிற்று என்று ஒரு வரி சேர்ந்தால் அது அப்படியே அறிக்கையின் ஒரு பத்தி. எங்களுக்கு ஆன விளைவு: நால்வரில் மூவர் 'தலை' என்று எழுதினார்கள். படிக்கும்போது ஐவரும் "தல" என்றுதான் படித்தார்கள். படிப்பதைத் திருத்துவதில்லை, எழுதுவதை மட்டும் திருத்துவது என்று அன்றே முடிவு செய்துகொண்டோம்.

அறிக்கையை எழுதுதல்

அறிமுகம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கல்வியின் சிறப்பைப் பற்றி யாரும் உங்களிடம் புதிதாகக் கேட்கப்போவதில்லை. ஊர், கற்போர், இடமும் நேரமும் தேர்ந்தெடுத்த காரணம் ஆகியவை அடுத்து வரட்டும். பக்கங்களில் பாதியைப் பாடம் நடந்த விதத்துக்கும் நாட்குறிப்பிலிருந்து எடுத்த நிகழ்வுகளுக்கும் ஒதுக்குங்கள்.

முடிவுகளைச் சதவீதத்தில் எழுதாதீர்கள். 14 பேரில் ஒருவர் கூடினால் ஏழு சதவீதம் ஏறிவிடும், அந்த எண்ணுக்குப் பொருளில்லை. ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள்: தொடக்கத்தில் குடும்ப அட்டையில் எதைக் காட்டினார், முடிவில் அதே அட்டையில் எதைப் படித்தார். அளவுகோல் முதலும் கடைசியும் ஒன்றாகவே இருக்கட்டும். எங்களிடம் ஒருவர் செஞ்சி, திண்டிவனம் பஸ் பலகைகளைத் தானாகப் படித்தார். இன்னொருவர் பெயரும் பத்துச் சொற்களும் என்ற அளவில் நின்றார். இரண்டும் அப்படியே அறிக்கையில் ஏறின.

மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரை, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்காக நடக்கிறது. அதன் அடிப்படைத் தேர்வு படித்தல், எழுதுதல், எண்ணறிவு என்று மூன்றுக்கும் தலா 50, மொத்தம் 150 மதிப்பெண் கொண்டது. உங்கள் கற்போரில் தயாரானவர்கள் அதை எழுதலாம், எழுதினால் மதிப்பெண்ணைப் பின்னிணைப்பில் சேருங்கள். ஆனால் அதைக் கொண்டே வகுப்பை அளக்க வேண்டாம். கண்ணாடி போட்ட பிறகு படிக்கத் தொடங்கியவரின் கதை அந்தத் தாளில் இருக்காது.

கற்போரின் பெயரையும் படத்தையும் அவர்கள் ஒப்புதல் இல்லாமல் சேர்க்காதீர்கள். ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு 'ஒப்புதல் பெறப்பட்டது' என்று எழுதுவது இந்தத் திட்டத்துக்கே கேலி. படிவத்தை எளிய தமிழில் எழுதி, வகுப்பிலேயே ஒரு பாடமாகப் படித்துக் காட்டுங்கள். "என் படம் வேண்டாம், என் எழுத்து இருக்கட்டும்" என்று எங்களிடம் ஒரு அக்கா சொன்னார். அவருடைய நோட்டின் பக்கம் பெயரில்லாமல் பின்னிணைப்பில் இருக்கிறது.

நீங்கள் போன பிறகு வகுப்பு என்ன ஆகும் என்பதையும் கடைசி அத்தியாயத்தில் எழுத வேண்டும். சொற்களைக் கூட்டிப் படிக்க வந்தவர் பயிற்சி இல்லாவிட்டால் சில மாதங்களில் மறந்துவிடுவார். அதனால் கடைசி இரண்டு வாரம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, அட்டைகளை அவர் கையில் கொடுத்து நடத்தச் சொன்னோம். அட்டைப் பெட்டி, கற்போர் ஒவ்வொருவரும் எந்தப் பாடத்தில் நிற்கிறார் என்ற பட்டியல், அடுத்து அறிமுகம் செய்ய வேண்டிய சொற்களின் வரிசை ஆகிய மூன்றையும் அவரிடம் ஒப்படைத்தோம். அந்தப் பட்டியலின் நகல் கல்லூரியில் எங்கள் அறிக்கையோடு இருக்கிறது. உங்கள் குழு அதே ஊருக்குப் போவதாக இருந்தால் முதலில் அதை வாங்கிப் பாருங்கள்.